ஃபேக்டர் ஃபண்டின் லாபம் சந்தை கொடுத்ததா, ஃபேக்டர் கொடுத்ததா? கூகுள் ஷீட்டில் பார்க்கலாம்

பங்குகளை ஒரு குணத்தை வைத்துப் பொறுக்குவதுதான் ஃபேக்டர்: மொமென்டம் என்றால் ஏறிக்கொண்டிருப்பவை, லோ வாலட்டிலிட்டி என்றால் விலை அதிகம் ஆடாதவை. மொமென்டம் நிஃப்டியைத் தாண்டிவிட்டது, லோ வாலட்டிலிட்டி பின்தங்கிவிட்டது என்று வெறும் வருமானத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. ஒரு கற்பனைக் கணக்கு: டெபாசிட் வட்டி 6%, சந்தை 14%. அதாவது சந்தையில் இறங்கியதற்குக் கிடைத்த கூலி 8%. சந்தை 1% நகர்ந்தால் ஃபண்டு சராசரியாக எத்தனை சதவீதம் நகரும் என்பதே பீட்டா. பீட்டா 1.1 உள்ள மொமென்டம் 15% தந்தால், அதில் 6 + 1.1 × 8 = 14.8% சந்தையே கொடுத்தது, மிச்சம் 0.2 தான். பீட்டா 0.75 உள்ள லோ வாலட்டிலிட்டி 12.5% தந்தாலும், சந்தைக் கணக்குப்படி 12% போதும், ஆகவே மிச்சம் 0.5. அந்த மிச்சம்தான் ஆல்ஃபா.

முதலில் niftyindices.com-இல் நிஃப்டி 100, நிஃப்டி100 லோ வாலட்டிலிட்டி 30 இரண்டுக்கும் டோட்டல் ரிட்டர்ன் மதிப்புகளை எடுங்கள். சாதாரண இண்டெக்ஸில் டிவிடெண்ட் சேராது, அது வேண்டாம். 61 மாதக் கடைசி மதிப்புகளை, 2ஆம் வரிசையிலிருந்து, சந்தையை B-யிலும் ஃபேக்டரை C-யிலும் போடுங்கள். D3, E3-இல் இவை, அப்புறம் 62 வரை இழுங்கள்:

```
=B3/B2-1-0.06/12
=C3/C2-1-0.06/12
```

6% நான் வைத்த எண். அந்தந்தக் காலத்து 91 நாள் டி-பில் வட்டியைப் போட்டால் இன்னும் சரி. மாதக் கணக்கு என்பதால் 12-ஆல் வகுப்பதை மறக்க வேண்டாம்.

```
=SLOPE(E3:E62,D3:D62)
=INTERCEPT(E3:E62,D3:D62)*12
```

முதலாவது பீட்டா, இரண்டாவது வருட ஆல்ஃபா. பலரும் வழுக்குவது இங்கேதான். ஃபேக்டர் முதலில், சந்தை பிறகு. மாற்றிப் போட்டாலும் ஷீட் எரர் காட்டாது, நல்ல பிள்ளையாக ஏதோ ஓர் எண்ணைத் தரும். லோ வாலட்டிலிட்டியின் பீட்டா 1-ஐத் தாண்டி வந்தால் வரிசை மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சரி, ஆல்ஃபா 2% வந்துவிட்டது, வாங்கிவிடலாமா? பொறுங்கள்.

```
=LINEST(E3:E62,D3:D62,TRUE,TRUE)
```

இதன் முதல் வரியில் பீட்டா, 12-ஆல் பெருக்காத மாத ஆல்ஃபா. இரண்டாம் வரியில் அவற்றின் பிழை அளவு. இந்த மாத ஆல்ஃபா அதன் பிழையைப் போல் இரண்டு மடங்காவது இல்லாவிட்டால், அது வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். ஐந்து வருடத் தரவில் பெரும்பாலும் இப்படித்தான் வரும், அதனால் ஃபண்டு விளம்பரத்தின் ஐந்து வருட ஒப்பீட்டை நான் கண்டுகொள்வதில்லை. அதிலும் நிஃப்டி200 மொமென்டம் 30 வெளிவந்தது 2020-இல்தான், அதற்கு முந்தைய எண்கள் எல்லாம் பின்னோக்கிப் போட்ட கணக்கு.

பின்சேர்க்கை: வேல்யூவுக்கும் குவாலிட்டிக்கும் இதே ஷீட் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும், ஆனால் B-யை மாற்ற வேண்டும். நிஃப்டி50 வேல்யூ 20-க்கு நிஃப்டி 50, நிஃப்டி200 குவாலிட்டி 30-க்கு நிஃப்டி 200. பங்குகளைப் பொறுக்கிய கூடையே ஒப்பிடும் சந்தையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மிட்கேப் ஏறிய லாபம்கூட ஃபேக்டர் கணக்கில் ஏறிவிடும். ஃபண்டின் செலவு இந்த இண்டெக்ஸ் எண்களில் கழியவில்லை, ஆகவே C-யில் ஃபண்டின் டைரக்ட் குரோத் என்ஏவி-யைப் போட்டு இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.