டாய்லெட் குழாயை நகர்த்தும்போது நடக்கும் தவறுகள்

பாத்ரூமைப் புதுப்பிக்கும்போது பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுவது இப்போது சாதாரணம். தொந்தரவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. தரையில் இறங்கும் எஸ் டிராப் குளோசெட்டுக்கு, பின்சுவரிலிருந்து குழாயின் நடு வரை உள்ள தூரம் முக்கியம். 9 அங்குலம், 12 அங்குலம் என்று அதைச் சொல்லித்தான் வாங்குவோம். இந்தத் தூரத்தை, டைல்ஸ் வேலை முடிந்த பிறகு இருக்கப்போகும் சுவரிலிருந்து கணக்கிட வேண்டும். பலர் இன்றைய சுவரிலிருந்து அளந்துவிடுகிறார்கள்.

தக்கலைப் பக்கம் ஒரு மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். பழைய அளவு சரியாக 12 அங்குலம். சுவரில் கலவையும் டைல்ஸும் சேர்ந்து 1 அங்குலம் ஏறுகிறது. மீதி 11 தான். 12 அங்குல குளோசெட்டை வைத்தால் தொட்டி சுவரில் இடிக்கும். குழாய்க்கு நேராக வராது. அமுக்கி உட்கார வைத்தால் கனெக்டரின் ரப்பர் ஒரு பக்கம் ஒதுங்கும், கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் படரும். எங்கள் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் மொட்டை மாடிதான் ஒழுகுகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். வெயில் நாட்களிலும் அந்த ஈரம் குழாயைச் சுற்றிக் காயாமல் இருந்தால் சந்தேகம் டாய்லெட் மேல்தான் வர வேண்டும்.

இந்த 1 அங்குலத்துக்கு, குழாயின் வாயைச் சற்றுத் தள்ளிக் கொடுக்கும் இணைப்பான ஆஃப்செட் ஃபிளாஞ்ச் போதும். அதன் வாய் சுவரை விட்டு விலகி, அறையின் உள்பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி வைத்தால் 11 என்பது 10 ஆகிவிடும். அப்புறம், வாங்கும் முன் ஒரு குச்சியைக் குழாய்க்குள் விட்டு, வளைவு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்லாபுக்கு உடனே கீழே வளைவு வந்தால் ஃபிளாஞ்சின் கால் அதில் முட்டி வழியைக் குறுக்கும். ஃபிளஷ் செய்ததும் தண்ணீர் ஏறி நின்று மெல்ல வடிவது அதன் அறிகுறி. ஃபிளாஞ்சின் வளையம் புதுத் தரைக்கு மேல் உட்கார வேண்டும். டைல்ஸுக்குக் கீழே புதைந்தால் ரப்பர் எட்டாது.

ஒன்றரை, இரண்டு அங்குலத்துக்கு மேல் நகர்த்த வேண்டுமென்றால் ஆஃப்செட்டை விட்டுவிடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு போடுவது அடைப்பைக் கூலி கொடுத்து வாங்குவது. பாத்ரூமுக்காகத் தாழ்த்திப் போட்டு மேலே நிரப்பிய ஸ்லாப் இருந்தால் அந்த நிரப்பலைத் தோண்டிக் குழாயையே மாற்றலாம். 40 அடிக்கு 1 அடி சரிவு என்றால் 4 அடி ஓட்டத்துக்கு 1 அங்குலத்துக்குச் சற்று மேல் இறக்கம் வேண்டும். தாழ்வு இல்லாத ஸ்லாபில் கம்பியையோ பீமையோ வெட்டவே கூடாது. குழாயைக் கீழ்க் கூரைக்கு அடியில் கொண்டுபோகலாம், அல்லது வெளிச்சுவர் பக்கத்தில் இருந்தால் சுவர் வழியே வெளியேறும் பி டிராப் குளோசெட் வாங்கலாம்.

குழாயை மாற்றியிருந்தால் தரையை மூடுமுன் கீழ்முனையை அடைத்து, தண்ணீர் நிரப்பி, ஒரு இரவு விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் ஏதோ ஒரு இணைப்பு ஒழுகுகிறது.