மனை வாங்கும் முன்: லேஅவுட்டுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று நீங்களே பார்ப்பது எப்படி?

என் மச்சினன் திண்டிவனம் பக்கத்தில் ஒரு மனைக்கு ஐம்பதாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டு, மறுநாள் காகிதங்களை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். 30க்கு 40, அதாவது 1200 சதுர அடி. "டிடிசிபி அப்ரூவல் இருக்கு மாமா, நம்பர் கூடப் போட்டிருக்கு பாருங்க" என்றான். நம்பர் உண்மையானதுதான். ஆனால் அவன் வாங்கப்போன மனைக்கும் அந்த நம்பருக்கும் சம்பந்தம் இல்லை. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு நாள்தான் ஆனது. அன்று செய்ததையெல்லாம் வரிசையாக இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் மனை வாங்கும் யாரும் இதைச் செய்து பார்க்கலாம்.

அங்கீகாரம் என்றால் என்ன?

ஒருவர் தன் நிலத்தைப் பல மனைகளாகப் பிரித்து விற்க வேண்டுமானால், முதலில் வரைபடம் போட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சிஎம்டிஏ, மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டிடிசிபி. சாலை எவ்வளவு அகலம், பூங்காவுக்கு எவ்வளவு இடம், மழைத் தண்ணீர் போகும் வாய்க்கால் அடைபடுகிறதா என்றெல்லாம் அவர்கள் பார்ப்பார்கள். ஒப்புதல் முழுமையாகும் முன், சாலையையும் பூங்காவையும் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தத் தானப் பத்திரத்தை நினைவில் வையுங்கள், பிறகு நமக்கு உதவும்.

இவை எதுவும் இல்லாமல் கல் நட்டு விற்றால் அது அங்கீகாரமற்ற மனைப்பிரிவு. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்று சொல்வார்கள். ஊராட்சித் தலைவர் தன்னளவில் லேஅவுட்டுக்கு ஒப்புதல் தர முடியாது. அவருடைய முத்திரை மட்டும் இருக்கும் வரைபடத்தை அங்கீகாரம் இல்லாததாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்திரம் பதிவாகிறதே, அப்புறம் என்ன?

அதிகம் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படியும் சார்பதிவாளர் அப்படிப்பட்ட மனையைப் பதிய மறுக்க வேண்டும். ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு: முன்பே வீட்டுமனையாகப் பதிவான இடத்தை மறுபடி பதியலாம். அதனால் 2008-ல் ஒருவர் வாங்கிய அங்கீகாரமில்லாத மனை இன்று உங்கள் பெயருக்குப் பத்திரமாகிவிடலாம். பட்டாகூட மாறலாம். அதை வைத்து வீடு கட்ட அனுமதி கிடைத்துவிடாது.

கட்டட அனுமதிக்குப் போனால் முதலில் கேட்பது லேஅவுட் ஒப்புதலைத்தான். அது இல்லையென்றால், வரன்முறைப்படுத்திய ஆணையை, அதாவது அங்கீகாரமில்லாத மனையைப் பிற்பாடு முறைப்படி ஏற்றுக்கொண்டதற்கான ஆணையைக் கேட்பார்கள். காரணம் எளிது. உங்கள் மனைக்கு முன்னால் இருக்கும் சாலை சட்டப்படி சாலையே இல்லை, இன்னமும் யாரோ ஒருவருடைய பட்டா நிலம். அவர் நாளை வேலி போட்டால் உங்கள் வீட்டுக்கு வழி கிடையாது. 2017-ல் வந்த வரன்முறை விதிகளும், வரன்முறைப்படுத்தாத மனைக்குக் கட்டட அனுமதி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு தரக்கூடாது என்கின்றன.

வங்கிக்கும் இதே கவலைதான். கடன் தவணை நின்றுபோனால் வங்கி அந்த மனையை ஏலம் விட வேண்டும். வீடு கட்ட முடியாத மனையை யார் கேட்பார்கள்? டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கைத் தொடர்ந்து 2006-ல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. அங்கீகாரமற்ற குடியிருப்புப் பகுதியில் உள்ள சொத்துக்கு, அது வரன்முறையாகி, வளர்ச்சிக் கட்டணமும் கட்டப்படும் வரை கடன் தரக்கூடாது என்கிறது அது. வீடு கட்டக் கடன் கேட்டால் அனுமதி பெற்ற கட்டட வரைபடம் வேண்டும். லேஅவுட் ஒப்புதல் இல்லாமல் அந்த வரைபடம் வராது. எங்கே போனாலும் அதே கதவில்தான் முட்டுவோம்.

முதல் படி: நான்கு எண்களைக் கேட்டு வாங்குங்கள்

விற்பவரிடம் கிராமத்தின் பெயரோடு இந்த நான்கையும் எழுதி வாங்குங்கள்: உட்பிரிவோடு புல எண், மனை எண், லேஅவுட் ஒப்புதல் எண், அந்த ஒப்புதலின் ஆண்டு. வரைபடத்தின் நகலோடு ஒப்புதல் ஆணையின் நகலும் வேண்டும். விளம்பர நோட்டீஸில் அச்சடித்த வண்ணப் படம் வரைபடம் ஆகாது. ஆணையைத் தரத் தயங்கினால், அந்தத் தயக்கத்தையே ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மச்சினனுக்குக் கிடைத்த காகிதத்தில் மனை எண் 31, புல எண் 112/4 என்று இருந்தது.

இரண்டாம் படி: வரைபடத்தையும் ஆணையையும் அருகருகே வைத்துப் படியுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இது. ஆணையில் எந்தெந்தப் புல எண்களுக்கு ஒப்புதல், மொத்தம் எத்தனை மனைகள் என்று இருக்கும். எங்கள் கையில் இருந்த ஆணை 112/1, 112/2 என்ற இரண்டு புல எண்களுக்கு மட்டும்தான். மொத்தம் 28 மனைகள். வரைபடத்திலோ 34 மனைகள் இருந்தன! உற்றுப் பார்த்தால் 29 முதல் 34 வரையுள்ள எண்களின் எழுத்து வேறு மாதிரி இருந்தது, கோடும் கொஞ்சம் தடிமன். பக்கத்து நிலத்தை வாங்கி, பழைய வரைபடத்தில் ஒட்டுப்போட்டு, அதே ஒப்புதல் எண்ணில் விற்றிருக்கிறார்கள்.

இந்த ஒட்டுவேலை பல இடங்களில் நடக்கிறது. "இரண்டாம் கட்டம்" என்று சொல்லி விற்கும் மனைகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். பூங்கா என்று காட்டிய இடத்துக்கே மனை எண் போட்டு விற்பதும் உண்டு. அது இன்னும் மோசம், ஏனென்றால் பூங்கா இடத்தை எந்தக் காலத்திலும் வரன்முறை செய்ய முடியாது.

நேரில் போகும்போது ஒரு டேப் எடுத்துப் போய்ச் சாலையை அளந்துவிடுங்கள். வரைபடத்தில் 30 அடி என்று இருந்து தரையில் 20 அடிதான் இருந்தால், ஒப்புதல் பெற்ற லேஅவுட்டும் நீங்கள் நிற்கும் இடமும் ஒன்றில்லை.

மூன்றாம் படி: வில்லங்கச் சான்றில் தானப் பத்திரத்தைத் தேடுங்கள்

`tnreginet.gov.in` தளத்தில் மின்னணுச் சேவைகளுக்குள் போய், வில்லங்கச் சான்று பார்வையிடும் பக்கத்தைத் திறங்கள். மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், தேதி, புல எண், உட்பிரிவு எண் கொடுத்தால் விவரம் வரும். மனையின் பெயரில் கடன், அடமானம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஒப்புதல் ஆண்டை ஒட்டி, சாலைக்கும் பூங்காவுக்கும் உள்ளாட்சி அமைப்பின் பெயரில் தானப் பத்திரம் பதிவாகி இருக்கிறதா என்று தேடுங்கள். ஊராட்சிப் பகுதி என்றால் பெரும்பாலும் வட்டார வளர்ச்சி அலுவலர் பெயரில் இருக்கும்.

112/1, 112/2 இரண்டிலும் அந்தப் பத்திரம் இருந்தது. 112/4-ல் எதுவுமே இல்லை. `eservices.tn.gov.in` தளத்தில் பட்டா விவரம் பார்த்தோம். அந்த நிலம் இன்னமும் நஞ்சை என்றே இருந்தது. புலப்படத்தையும் அதே தளத்தில் எடுக்கலாம். ஓடை, வண்டிப்பாதை ஏதும் மனைக்குக் குறுக்கே போகிறதா என்பது அதில் தெரியும்.

நான்காம் படி: எண்ணை அலுவலகத்தில் உறுதி செய்யுங்கள்

டிடிசிபி, சிஎம்டிஏ இரண்டின் இணையதளங்களிலும் ஒப்புதல் பெற்ற லேஅவுட்டுகளின் பட்டியல் உண்டு. பட்டியலில் இல்லையென்றால் உடனே போலி என்று முடிவுகட்ட வேண்டாம், பழைய ஒப்புதல்கள் விட்டுப்போயிருக்கலாம். மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு எண்ணோடு நேரில் போய்க் கேளுங்கள். அங்கே பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு கொடுத்து, வரைபடத்தின் சான்றிட்ட நகலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். மனை அதுவரை காத்திருக்காது என்று தரகர் சொல்வார், நீங்கள் காத்திருங்கள்.

புதிய லேஅவுட் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேல் உள்ள நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பவர் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு வாங்க வேண்டும். `TN/` என்று தொடங்கி நடுவில் `Layout` என்று வரும் அந்த எண்ணை `rera.tn.gov.in` தளத்தில் தேடினால், பதிவான வரைபடத்தையே திறந்து பார்க்கலாம். உங்கள் மனை எண் அதில் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு

மனைப்பிரிவு 20.10.2016-க்கு முன் உருவாகி, அதில் ஒரு மனையாவது அந்தத் தேதிக்குள் பத்திரமாகி இருந்தால் வரன்முறைக்கு வழி இருக்கிறது. முதலில் மொத்த லேஅவுட்டுக்கும் ஒரு கட்டமைப்பு ஒப்புதல், அப்புறம் உங்கள் தனி மனைக்கு ஆணை. உங்கள் லேஅவுட்டுக்குக் கட்டமைப்பு ஒப்புதல் ஏற்கெனவே வந்திருக்கலாம், பக்கத்து மனைக்காரர்களிடம் விசாரியுங்கள். கட்டணம் சதுர மீட்டர் கணக்கில் வரும். 1200 சதுர அடி என்பது சுமார் 111.5 சதுர மீட்டர். நீர்நிலை, புறம்போக்கு, பூங்கா இடங்களுக்கு இந்த வழி கிடையாது. விண்ணப்பிக்கும் அவகாசம் பல முறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இப்போதைய நிலையை மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள்.

இந்த ஆதாரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு போனபோது தரகர் எங்களிடம் வேறொரு யோசனை சொன்னார். "மனை எண்ணே போட வேண்டாம், 2.75 சென்ட் நிலம்னு எழுதிடலாம், பதிவாயிடும்" என்றார். 1200 சதுர அடிக்கு 2.75 சென்ட் கணக்குச் சரிதான். ஆனால் அப்படி எழுதினால் அது விவசாய நிலத்தின் ஒரு துண்டு. வீட்டுமனையாகப் பதிவானது என்று பிற்பாடு காட்டவும் முடியாது, 2016-க்குப் பிறகு பிரித்தது என்பதால் வரன்முறைக்கும் போக முடியாது. மச்சினன் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் "பணத்தைத் திருப்பிக் கொடுங்க அண்ணே" என்றான். மூன்று தவணையாக, நான்கு மாதத்தில் வந்து சேர்ந்தது.