ருபீடியம் பெட்டியின் திருகைத் தொடும் முன்

பழைய மொபைல் டவர்களிலிருந்து கழற்றிய ருபீடியம் அணுக்கடிகாரங்கள் இன்று சும்மா ஒரு பெட்டியாக விலைக்குக் கிடைக்கின்றன. மின்சாரம் கொடுத்தால் 10 மெகாஹெர்ட்ஸ் தரும். வாங்கியவர் முதலில் செய்வது, அதை மேசையில் இருக்கும் அதிர்வெண் கவுண்டரில் மாட்டிப் பார்ப்பது. கவுண்டர் 10,000,003 என்று காட்டுகிறது. ‘அடடா, 3 ஹெர்ட்ஸ் அதிகம் ஓடுகிறதே’ என்று கை நேராகப் பெட்டியிலுள்ள சின்னத் திருகுக்குப் போகிறது. நானும் ஒருமுறை திருகியிருக்கிறேன். எண் அசையவே இல்லை.

அசையாததற்குக் காரணம் புரிந்தால் அணுக்கடிகாரமே பாதி புரிந்துவிடும்.

இங்கே பலரும் செய்கிற பிழை, அணு ‘டிக் டிக்’ என்று துடிப்பதாகவும் பெட்டி அதை எண்ணுவதாகவும் நினைப்பது. அப்படி இல்லை. வெளியே வரும் 10 மெகாஹெர்ட்ஸ் ஒரு சாதாரணக் குவார்ட்ஸ் படிகத்தின் வேலை. அணு செய்வது ஒன்றே ஒன்று: படிகம் நகர்ந்துவிட்டதா, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று காட்டிக்கொடுப்பது. கதிரியக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ருபீடியம் 87 லேசாகக் கதிரியக்கம் உடையதுதான், ஆனால் அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டுகள். கடிகாரம் அந்தச் சிதைவைப் பயன்படுத்துவதே இல்லை.

பயன்படுவது ஹைப்பர்ஃபைன் மாற்றம். ருபீடியத்தின் வெளி எலக்ட்ரானும் அணுக்கருவும் ஆளுக்கொரு குட்டிக் காந்தம். அந்த இரண்டும் எந்த வாக்கில் நிற்கின்றன என்பதைப் பொறுத்து அணுவுக்கு இரண்டு ஆற்றல் நிலைகள், இடையே மிகச் சிறிய இடைவெளி. அந்த இடைவெளிக்குச் சரியான மைக்ரோவேவ் அதிர்வெண் சுமார் 6,834,682,611 ஹெர்ட்ஸ். படிகம் என்றால் வெட்டிய தடிமனைப் பொறுத்து ஒன்றுக்கொன்று மாறும், வயதாக ஆக நகரும். ருபீடியம் 87 அணு எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தாலும் இந்த எண் ஒன்றுதான்.

பெட்டிக்குள் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் ருபீடியம் ஆவி இருக்கிறது. ஒரு பக்கம் ருபீடியம் விளக்கு, மறுபக்கம் ஒளியை அளக்கும் ஃபோட்டோடயோடு. விளக்கின் ஒளி கீழ்நிலையில் இருக்கும் அணுக்களை மேல்நிலைக்கு ஒதுக்கிவிடுகிறது. ஒளியை விழுங்க ஆள் குறைந்ததால் குப்பி ஊடே ஒளி தாராளமாகப் போகிறது. இப்போது படிகத்தின் அதிர்வெண்ணைப் பெருக்கி உண்டாக்கிய மைக்ரோவேவைச் சரியான அதிர்வெண்ணில் பாய்ச்சினால் அணுக்கள் மறுபடி கீழ்நிலைக்கு இறங்கி ஒளியை விழுங்கத் தொடங்கும். ஃபோட்டோடயோடில் வெளிச்சம் சற்றே குறையும், பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக. அதிர்வெண்ணை ஓட்டிப் பார்த்தால் வரைபடத்தில் ஒரு சிறு குழி தெரியும். அகலம் சில நூறு ஹெர்ட்ஸ்.

இந்தக் குழியை எப்படிப் பிடிப்பது? ‘வெளிச்சம் இன்ன அளவில் இருக்கும்படி படிகத்தைத் திருத்தினால் போதாதா’ என்று கேட்பார்கள். போதாது. விளக்குக்கு வயதாகும், ஒளி மங்கும். வெளிச்சத்தின் அளவை நம்பினால், விளக்கு மங்கியதைப் பெட்டி அதிர்வெண் நகர்ந்ததாக எடுத்துக்கொண்டு படிகத்தைத் தப்பாக இழுத்துவிடும்.

அதனால் பெட்டி மைக்ரோவேவ் அதிர்வெண்ணை நொடிக்கு நூற்றுச் சொச்சம் தடவை இடமும் வலமுமாக லேசாக ஆட்டுகிறது. சரியாகக் குழியின் அடியில் நின்று ஆடினால், எந்தப் பக்கம் போனாலும் வெளிச்சம் ஒரே அளவு கூடும். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு ஏற்றம், அதாவது ஃபோட்டோடயோடில் ஆட்டும் வேகத்தின் இருமடங்கில் சிக்னல். படிகம் கொஞ்சம் விலகியிருந்தால் ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் குறையும். அப்போது ஆட்டும் வேகத்திலேயே ஒரு சிக்னல் தலைகாட்டும், இடமா வலமா என்பது அதன் குறியில் தெரியும். அந்தச் சிக்னல் பூஜ்ஜியமாகும்வரை படிகத்தின் கட்டுப்பாட்டு மின்னழுத்தம் மாறிக்கொண்டே இருக்கும். இதுதான் ‘லாக்’. விளக்கு மங்கினாலும் குழியின் அடி எங்கே என்பது அவ்வளவாக மாறாது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. குழியை விட்டு வெகுதூரம் போய்விட்டாலும் அந்தப் பிழைச் சிக்னல் பூஜ்ஜியம்தான், அங்கே குழியே இல்லையே! அதனால் லாக் ஆனதா என்று சொல்வதற்கு இருமடங்குச் சிக்னல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெட்டியை ஆன் செய்ததும் சில நிமிடங்கள் குப்பி சூடாகும், படிகம் மேலும் கீழும் ஓடிக் குழியைத் தேடும். அந்த நேரத்திலும் வெளியே அழகான 10 மெகாஹெர்ட்ஸ் வந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் அது வெறும் குவார்ட்ஸ். லாக் காட்டியை இணைக்காமல் பயன்படுத்துகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

சரி, அந்த 3 ஹெர்ட்ஸுக்கு வருவோம். 10 மெகாஹெர்ட்ஸில் 3 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு கோடியில் 3 பங்கு. அதே விகிதம் 6.8 கிகாஹெர்ட்ஸில் சுமார் 2,050 ஹெர்ட்ஸ். குழியின் அகலமே சில நூறு ஹெர்ட்ஸ்தான். லாக் ஆன பெட்டி குழிக்கு 2,000 ஹெர்ட்ஸ் தள்ளி நிற்க வழியே இல்லை. தப்பு கவுண்டரில்: அதற்குள் இருக்கும் குவார்ட்ஸ் மெதுவாக ஓடுகிறது, எண்ணும் நேரம் நீள்கிறது, எண்ணிக்கை கூடுகிறது. அளவுகோலை வைத்து அதைவிட நல்ல அளவுகோலைச் சோதித்திருக்கிறோம். திருகுக்கும் அவ்வளவு எட்டாது. அது குப்பியைச் சுற்றியுள்ள காந்தப் புலத்தை மாற்றுகிறது. கடிகாரத்துக்கென்று தேர்ந்த மாற்றம் காந்தப் புலத்துக்கு மிகக் குறைவாகவே அசையும், ஆகவே திருகினால் நூறு கோடியில் சில பங்குதான் நகரும்.

நிலைத்தன்மை எங்கிருந்து வருகிறது என்பதும் இங்கேயே இருக்கிறது. குழி குறுகல், அதன் நடுவை அகலத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்குவரை கண்டுபிடிக்க முடிகிறது. 500 ஹெர்ட்ஸ் குழியில் 0.07 ஹெர்ட்ஸ் துல்லியமாக நடு கிடைத்தால் அது 10⁻¹¹ அளவு. நல்ல பெட்டி ஒரு நொடி சராசரியிலேயே அங்கே நிற்கும். சராசரி எடுக்கும் நேரம் நூறு நொடியானால் பத்து மடங்கு மேம்படும். ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு மட்டும் படிகமே மேல், அணுவின் சொல் அதற்குப் பிறகுதான் எடுபடும்.

ஆனால் நிலையாக நிற்பது வேறு, சரியான இடத்தில் நிற்பது வேறு. குப்பியில் ருபீடியத்தோடு நைட்ரஜன் போன்ற வாயுவும் அடைத்திருக்கிறார்கள், அணுக்கள் சுவரில் மோதாமல் இருக்க. அந்த வாயு அதிர்வெண்ணை நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸ் முதல் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ்வரை தள்ளிவிடும், எவ்வளவு என்பது குப்பிக்குக் குப்பி மாறும். பெட்டியைச் செய்யும்போதே இதற்கு ஈடுகட்டிவிடுவார்கள், ஆனால் அந்த ஈட்டை அணுவே சொல்லிவிடாது. அதனால்தான் 1967-இல் நொடிக்கு வரையறை சொன்னபோது சீசியத்தின் 9,192,631,770 அதிர்வுகளை எடுத்தார்கள். சீசியம் கற்றைக் கடிகாரத்தில் அணுக்கள் வெற்றிடத்தில் பறக்கும், இடிக்க வாயு இல்லை. ருபீடியம் பெட்டியை வேறொன்றோடு ஒப்பிட்டுத்தான் திருத்த முடியும்.

அந்த வேறொன்று கவுண்டர் அல்ல, ஜி.பி.எஸ். ரிசீவர் நொடிக்கொரு தரம் தரும் துடிப்பு. அது பத்துக்கணக்கான நானோநொடி முன்பின்னாக ஆடும். 10⁻¹¹ பிசகு ஒரு மணி நேரத்தில் 36 நானோநொடிதான், அந்த ஆட்டத்திலேயே மறைந்துவிடும். ஒரு நாள் காத்திருந்தால் 864 நானோநொடி, கண்ணுக்குத் தெரியும். அப்புறம் திருகை ஒரு பொட்டு அசைத்துவிட்டு, மறுபடி ஒரு நாள்.