வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கும் தலை

போன வருடம் மே மாதம் என் அக்கா மகள் பார்லருக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் சொன்னது இதுதான்: "சித்தி, பேசாம கழுத்து வரைக்கும் வெட்டி விட்டுடுங்க. முடி கொத்து கொத்தா கொட்டுது."

அவளுக்கு 23 வயது. இடுப்பைத் தாண்டிய முடி, அடர்த்தியானது, லேசான அலை. வேளச்சேரியிலிருந்து அலுவலகத்துக்கு ஸ்கூட்டரில் 40 நிமிடம், ஹெல்மெட்டோடு. சின்ன வயதிலிருந்தே வெள்ளிக்கிழமை மட்டும்தான் தலைக்குக் குளிப்பாள். மற்ற நாட்களில் காலையில் தேங்காய் எண்ணெய் தொட்டு மேலோட்டமாக வாரி ஒரே பின்னலாகப் போட்டுக்கொள்வாள். செவ்வாய்க்கிழமை ஆனால் அரிக்க ஆரம்பிக்கும். புதன், வியாழனில் ஹெல்மெட்டைக் கழற்றும்போது அவளுக்கே வாடை தெரியும். வெள்ளிக்கிழமை குளித்தால் குளியலறை சாக்கடை அடைக்கிற அளவுக்கு முடி. அந்தப் பயத்தில் இரண்டு வாரம் குளியலையே தள்ளிப்போட்டிருந்தாள்.

18 வருடமாகப் பலருடைய தலையை வகிடு பிரித்துப் பார்த்து வருகிறேன். அதிகம் பார்க்கிற தவறு இதுதான். எத்தனை நாளுக்கு ஒருமுறை குளிப்பது என்பதைக் கிழமை முடிவு செய்கிறது, அல்லது முடியின் நீளம் முடிவு செய்கிறது. முடிவு செய்ய வேண்டியது மண்டைத் தோல். அழுக்கு சேர்வது அங்கேதான்.

அவள் தலையில் வகிடு எடுத்துப் பார்த்தேன். உச்சியிலும் காதுக்குப் பின்னாலும் மஞ்சளாக, பிசுபிசுப்பான செதில் ஒட்டியிருந்தது. பிடரியில் தோல் சிவந்திருந்தது. வறண்ட தலையில் உதிர்வது வெள்ளையாக, மாவு மாதிரி தோளில் விழும். இது விரலில் ஒட்டுகிறது. நம் தோலிலேயே எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அந்த எண்ணெயைத் தின்று வாழும் மலசீசியா என்ற பூஞ்சை எல்லோர் தலையிலும் உண்டு. அது எண்ணெயை உடைக்கும்போது உண்டாகும் அமிலம் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. அப்போது அரிப்பும் செதிலும் வருகின்றன. வேர்வை, ஹெல்மெட்டுக்குள் அடைபட்ட சூடு, நாள் கணக்கில் கழுவாத எண்ணெய், அதன் மேல் தினமும் தேங்காய் எண்ணெய் என்று எல்லாமே இங்கே அந்தப் பூஞ்சைக்குச் சாதகமாக இருந்தன. "வறண்டு போய்த்தான் பொடுகு வருது, எண்ணெய் வை" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். பிசுபிசுப்பான பொடுகுக்கு அது நேர் எதிரான வைத்தியம்.

முடி கொட்டுவதற்கு வருகிறேன். ஆரோக்கியமான தலையிலும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிரும். தினமும் அவிழ்த்து நன்றாகச் சிக்கெடுத்தால் அது சீப்போடு போய்விடும். இவள் மேலோட்டமாக வாரிப் பின்னுவதால் உதிர்ந்த முடியில் பாதிக்கு மேல் பின்னலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஏழு நாள் கணக்குப் போட்டால் உதிர்வது 350 முதல் 700 முடி. அதில் பாதி என்றாலே 175 முதல் 350 முடி, ஒவ்வொன்றும் இடுப்பளவு நீளம். தண்ணீர் ஊற்றிய அன்று அத்தனையும் ஒன்றாக வந்தால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். ஆனால் குளியல் அந்த முடியைக் கொட்ட வைக்கவில்லை. ஏற்கெனவே கொட்டியதை வெளியே எடுத்தது, அவ்வளவுதான். குளிப்பதைத் தள்ளிப்போட்டால் அடுத்த முறை இன்னும் பெரிய கொத்தாக வரும், பயம் இன்னும் கூடும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்ட பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முடியை வெட்ட வேண்டாம் என்று சொல்லி, முதலில் தோல் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். அவர் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் 2 சதவீதம் கீட்டோகோனசோல் ஷாம்பு எழுதிக் கொடுத்தார். வாரம் இருமுறை, நுரையை ஐந்து நிமிடம் மண்டையில் விட்டு அலச வேண்டும், நான்கு வாரம். திங்கள், வியாழன் அந்த ஷாம்பு, சனிக்கிழமை சாதாரண ஷாம்பு என்று வைத்துக்கொண்டோம். மண்டையில் எண்ணெய் வைப்பது முழுக்க நிறுத்தம். இரண்டாவது வாரம் அரிப்பு குறைந்தது. நான்காவது வாரம் வகிடு எடுத்துப் பார்த்தபோது செதில் இல்லை.

வாரம் மூன்று முறையா, இவ்வளவு நீள முடிக்கா என்று அக்கா பதறினாள். அவள் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். 84 சென்டிமீட்டர் நீளம் என்றால் நுனிக்கு வயது ஏழு. இவளுடைய முடி நுனி இவள் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது முளைத்தது. ஏழு வருட வெயில், சீப்பு, ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் பார்த்த நுனி அது. அதைப் போட்டு அடிக்கடி தேய்த்தால் பிளக்கத்தான் செய்யும். ஆனால் அதற்காகக் குளிக்கும் நாளைக் குறைக்க வேண்டியதில்லை. குளிக்கும் விதத்தை மாற்ற வேண்டும். எத்தனை முறை என்பதை மண்டை சொல்லட்டும், எப்படி என்பதை நீளம் சொல்லட்டும்.

நீள முடிக்காரர்கள் செய்கிற தவறு, முழு முடியையும் உச்சியில் சுருட்டி வைத்து துணி துவைக்கிற மாதிரி கசக்குவது. நான் சொல்வது இது. ஷாம்பூவை ஒரு மக் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். முடி தொங்கியபடியே இருக்கட்டும். கரைசலை வகிடு வகிடாக மண்டையில் ஊற்றி விரல் நுனியால், நகம் படாமல், தேயுங்கள். அலசும்போது வழிகிற நுரையே கீழ் முடிக்குப் போதும். அப்புறம் கண்டிஷனரைக் காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும் தடவி அலசுங்கள். எண்ணெய் பிடிக்கும் என்றால் குளிப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் கீழ் முடிக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம். அது முடிக்குள் ஊறி, கழுவும்போது புரதம் இழப்பதைக் குறைக்கிறது. நம் பாட்டிமார் எண்ணெய் தேய்த்து அன்றைக்கே சீயக்காயோ அரப்போ போட்டு அலசினார்கள். எண்ணெய் தலையில் தங்கவே இல்லை. இப்போது எண்ணெய் வைப்பது மட்டும் தங்கிவிட்டது, அன்றே அலசுவது போய்விட்டது.

முடியின் வகையும் நம்மை ஏமாற்றும். நேரான மெல்லிய முடியில் எண்ணெய் சரசரவென்று இறங்கிவிடும். இரண்டாம் நாளே தலை ஒட்டிப்போய்த் தெரியும், அதனால் அவர்கள் தாமதிப்பதில்லை. சுருள் முடியில் எண்ணெய் வளைவுகளைத் தாண்டி இறங்காது. கீழே முடி வறண்டு பஞ்சு மாதிரி இருக்கும், மேலே தோலில் பிசுக்கு மண்டியிருக்கும். என் முடி அப்படித்தான். வறட்சியைப் பார்த்து "இன்னும் கழுவ வேண்டாம்" என்று பல வருடம் நானே தள்ளிப்போட்டேன். இப்போது சென்னை வெயிலில் வாரம் இருமுறை கழுவுகிறேன், கண்டிஷனரை மட்டும் தாராளமாகப் போடுகிறேன்.

வேர்வையையும் எண்ணெயையும் ஒன்றாக நினைப்பது இன்னொரு குழப்பம். வேர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். வெறும் தண்ணீருக்கே போய்விடும். காலையில் ஓடிவிட்டு வருகிறவர், வெயிலில் நின்று வேலை செய்கிறவர் நடுவில் ஒரு நாள் மண்டையை மட்டும் வெறும் தண்ணீரில் அலசிக்கொள்ளலாம், தினமும் ஷாம்பு தேவையில்லை. எண்ணெய்ப் பிசுக்கு தண்ணீருக்கு அசையாது, அதற்கு ஷாம்பூவோ சீயக்காயோ வேண்டும். குட்டை முடி வைத்த ஆண்கள் மென்மையான ஷாம்புவில் தினமும் குளித்தாலும் கெடுதல் இல்லை. குளியல் சோப்பை மட்டும் தலைக்குப் போடாதீர்கள். போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு ஒரு பிசினாகத் திரிந்து முடியில் படியும். அதைப் பிசுக்கு என்று நினைத்து மறுபடி சோப்பு போடுகிறவர்கள் உண்டு.

"அடிக்கடி கழுவினா எண்ணெய் இன்னும் அதிகமா சுரக்கும், தலையைப் பழக்கிக்கணும்" என்றும் சொல்வார்கள். எண்ணெய் சுரப்பதை ஹார்மோன் நடத்துகிறது. நாம் கழுவுவதும் கழுவாததும் சுரப்பிக்குத் தெரியாது. பருவம் எய்தாத பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் எண்ணெய் குறைவாகச் சுரப்பது அதனால்தான். அவர்களுக்கு வாரம் ஒருமுறை, இருமுறை போதும்.

அக்கா மகளுக்கு உண்மையில் கஷ்டமாக இருந்தது கழுவுவது அல்ல, காயவைப்பது. அவ்வளவு அடர்த்திக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் ஆகும். காலை ஆறரைக்குக் குளித்து, எட்டரைக்கு ஈரத்தோடு கொண்டை போட்டு, ஹெல்மெட் மாட்டினால் மத்தியானம் வரை மண்டை வேகும். ஈர முடியை இறுகக் கட்டி வைப்பதால் முடித்தண்டின் மேல் வெள்ளையாக, மணல் மாதிரி முடிச்சு விழும் ஒரு பூஞ்சையும் வரலாம். பலர் அதைப் பேன் முட்டை என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்கள் திங்களும் வியாழனும். அதனால்தான் அந்தக் கிழமைகளைத் தேர்ந்தெடுத்தோம். பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்து, நுனியில் மட்டும் தளர்வாக ஒரு முடிச்சு போட்டு, டேபிள் ஃபேனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். துண்டால் முடியைப் படபடவென்று அடிப்பதை நிறுத்தச் சொன்னேன். ஈர முடி ஊதிப் பலவீனமாக இருக்கும் நேரம் அது. பாதி காய்ந்ததும் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுக்கிறாள். நீர் கோர்த்துக்கொள்ளும் என்ற அம்மாவின் கவலைக்கும் இதுவே பதில். சளியைக் கொண்டுவருவது வைரஸ். ஈரத்தோடு தலை பாரமாக இருந்து வலிக்கிறவர்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்துச் சீக்கிரம் காயவைத்தால் போதும்.

நாள் வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உச்சியிலும் காதுக்குப் பின்னாலும் விரலை அழுத்தித் தேய்த்து, அந்த விரல்களை ஒன்றோடொன்று உரசிப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். வழுக்கினாலோ வாடை அடித்தாலோ நாள் வந்துவிட்டது. அரிப்பு வந்தால் ஒரு நாள் தாண்டிவிட்டீர்கள், அடுத்த முறை ஒரு நாள் முன்னதாகக் குளியுங்கள். கழுவிய மறுநாளே தோல் இழுத்துப் பிடித்து, மாவு மாதிரி உதிர்ந்தால் அதிகமாகக் கழுவுகிறீர்கள், அல்லது ஷாம்பு காட்டமானது. ஒழுங்காகக் கழுவியும் ஒரு மாதத்தில் செதில் போகாவிட்டாலோ, வட்ட வட்டமாக முடி போனாலோ, சீழ் வைத்தாலோ அது கழுவும் நாள் விஷயம் அல்ல, மருத்துவரிடம் போங்கள்.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் போன் செய்தாள். "சித்தி, திங்கக்கிழமை குளிச்சது. விரல்ல ஒண்ணும் ஒட்டல, வாடையும் இல்ல. வெள்ளிக்கிழமைங்கிறதால அம்மா குளின்னு சொல்றாங்க." குளிர் நாளில் வேர்வை இல்லை, அதனால் இடைவெளி நீள்கிறது. நாளைக்கு மறுபடி விரலை வைத்துப் பார் என்றேன். ஞாயிற்றுக்கிழமைதான் குளித்தாள். ஏப்ரல் வந்ததும் மறுபடி மூன்று நாளுக்கு ஒருமுறை ஆகிவிட்டது.