"எந்த இ.டி.டி.ஏ, டாக்டர்?": ஈயத்தையும் இரும்பையும் வெளியேற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார்டுக்குப் புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் "இ.டி.டி.ஏ" என்று மட்டும் எழுதுவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினேன். டோஸில் புள்ளி தவறுவது போன்றவற்றை எல்லாரும் சொல்லித் தருவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரண்டு இ.டி.டி.ஏ-வையும் ஒன்றென நினைப்பது

இ.டி.டி.ஏ போன்ற கீலேஷன் மருந்து நண்டுக் கொடுக்கு மாதிரி உலோக அயனியைக் கவ்விக்கொள்ளும். கவ்விய ஜோடி நீரில் கரைவதால் சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே அனுப்பிவிடும். ஈயத்துக்குக் கொடுக்க வேண்டியது கால்சியம் டைசோடியம் இ.டி.டி.ஏ. அதன் பிடியில் ஏற்கெனவே ஒரு கால்சியம் இருக்கிறது. ஈயத்தை அது கோடி மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடிக்கும் என்பதால், ஈயம் வந்ததும் கால்சியத்தை விட்டுவிட்டு ஈயத்தை எடுத்துக்கொள்கிறது.

வெறும் டைசோடியம் இ.டி.டி.ஏ-வின் கொடுக்கு காலி. ஈயம் 50 மைக்ரோகிராம்/டெசிலிட்டர் இருக்கும் இரத்தத்தில்கூடத் தனித்து மிதக்கும் கால்சியம் அயனி எண்ணிக்கையில் அதைவிடச் சுமார் 500 மடங்கு, அதனால் காலிக் கொடுக்கு முதலில் கால்சியத்தைத்தான் கவ்வும். 12 கிலோ குழந்தைக்குக் கால்சியம் டைசோடியம் இ.டி.டி.ஏ-வின் நாள் டோஸ் ஏறக்குறைய 550 மில்லிகிராம். அதே அளவு தவறான மருந்து சுமார் 1.5 மில்லிமோல் கால்சியத்தைப் பிடித்துவிடும், ஆனால் அந்தக் குழந்தையின் செல்களுக்கு வெளியே உள்ள திரவத்தில் தனித்து மிதக்கும் கால்சியம் மொத்தமே 3.6 மில்லிமோல் அளவுதான். எலும்பு ஈடுகட்டும், ஆனால் மருந்து வேகமாக ஏறினால் அதற்கு நேரம் போதாது, இதயம் நின்றுவிடும். 2005-ல் டெக்சாஸில் ஈயத்துக்குச் சிகிச்சை பெற்ற 2 வயதுக் குழந்தை இப்படி மாறிப்போன மருந்தால்தான் இறந்தது.

என் சீட்டைப் பார்த்த மருந்தாளுநர் போன் செய்து "எந்த இ.டி.டி.ஏ, டாக்டர்?" என்று கேட்டார். அலமாரியில் இருந்தது டைசோடியம் மட்டும். அவர் கேட்காமல் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போது நினைத்தாலும் உடல் நடுங்குகிறது. அதனால் "கால்சியம்" என்ற சொல்லை முழுதாக எழுதுங்கள், குப்பியின் லேபிளை நீங்களே படியுங்கள். வாயைச் சுற்றி மதமதப்பு, கை விரல்கள் இழுத்துக்கொள்வது, ஈசிஜியில் க்யூடி நீள்வது தெரிந்தால் சொட்டு மருந்தை உடனே நிறுத்திவிட்டு கால்சியம் குளுக்கோனேட் கொடுங்கள்.

சிறுநீர் வராதபோது கொடுப்பது

கூடாது.

அளவு இறங்கியதும் முடிந்தது என நினைப்பது

ஈயத்தின் பெரும்பகுதி எலும்பில் கிடக்கிறது. இரத்தம் தெளிந்ததும் அங்கிருந்து மறுபடி வடிந்து வரும், அதனால் சில வாரங்கள் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஈயம் வந்த இடத்துக்கே குழந்தையை அனுப்பினால் எந்த மருந்தும் பலிக்காது.

இரும்புக்கும் சிறுநீரையே பார்ப்பது

டெஃபெராக்சமின் பிடித்த இரும்பில் கணிசமான பங்கு சிறுநீரில் வரும், அது செம்பழுப்பாகும். டெஃபெராசிராக்ஸ் பிடித்ததோ பெரும்பாலும் மலத்தில் போகும், அதற்குச் சிறுநீர் நிறம் பார்த்துப் பயனில்லை, இரத்தத்தில் ஃபெரிட்டின் அளவைப் பாருங்கள்.