இருமொழிக் குத்தகையில் “இப்பிரதியே மேலோங்கும்”

கொழும்பு, புதுக்கடையில் குத்தகை உறுதி வரையப் பழகும் இளையவர்கள், பெயரிலும் அடையாள அட்டை இலக்கத்திலும் விடும் பிழைகளைத் தாமே கண்டு திருத்திக்கொள்கிறார்கள். நான் தொடக்கத்தில் செய்த ஒரு பிழையை மட்டும் எவரும் கண்டுகொள்வதில்லை. சென்ற மாதமும் அதே வாசகம் என் மேசைக்கு வந்தது.

“இப்பிரதி” எந்தப் பிரதி?

நான் அன்று வரைந்தது, வெள்ளவத்தையில் ஒரு கடையை இரண்டு ஆண்டுகளுக்குக் கொடுக்கும் குத்தகை. மாத வாடகை 80,000 ரூபா. கையளித்த தொகை 480,000 ரூபா. ஆங்கிலப் பிரதியில் அத்தொகை, கடையை ஒப்படைக்கும்போது திருப்பித் தரப்படும் பிணை வைப்பு. தமிழ்ப் பிரதியிலோ, பழைய உறுதியொன்றிலிருந்து நான் எடுத்த வாசகத்தின்படி, அது மாதம் 20,000 ரூபா வீதம் வாடகையில் கழியும் முற்பணம். கடைக்காரர் தமிழை நம்பி மாதம் 60,000 ரூபா கட்டினார். உரிமையாளர் ஆங்கிலத்தைக் காட்டி ஏழு மாதத்தில் 140,000 ரூபா நிலுவை என்று சட்டத்தரணிக் கடிதம் அனுப்பினார்.

முரண்பட்டால் எது செல்லும் என்ற பிரிவு இருக்கத்தான் செய்தது. ஆங்கிலத்தில் “இப்பிரதியே மேலோங்கும்” என்று எழுதியிருந்ததை நான் சொல் பிசகாமல் தமிழாக்கியதால், தமிழிலும் “இப்பிரதியே” என்று நின்றது; ஒவ்வொரு பிரதியும் தன்னையே காட்டியது. மொழிபெயர்ப்பில் குறையில்லை, அதுதான் வினையாயிற்று. கடைசியில் இருவரும் ஆளுக்குப் பாதியை விட்டுக்கொடுத்தார்கள். அடுத்த உறுதிக்கு இருவரில் எவரும் என்னிடம் வரவில்லை.

மொழியின் பெயரைச் சொல்லியே எழுத வேண்டும்: “ஆங்கிலப் பிரதிக்கும் தமிழ்ப் பிரதிக்கும் இடையே முரண் எழுமிடத்து, தமிழ்ப் பிரதியே மேலோங்கும்.” ஆங்கிலப் பிரதியிலும் தமிழின் பெயரே வர வேண்டும். எழுதி முடித்தபின் இரு பிரதிகளின் அந்தப் பிரிவை மட்டும் அருகருகே வைத்து வாசித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சட்டங்களின் விதியைக் குத்தகைக்குப் பொருத்துவது

பாராளுமன்றச் சட்டங்களின் இறுதியில், முரண் ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்ற பிரிவு வருவதைக் கண்டு, சிங்களமும் தமிழுமான குத்தகைக்கும் அதுவே பொருந்தும் என்று எண்ணுகிறார்கள். அந்தப் பிரிவு அந்தந்தச் சட்டத்துக்கு உரியது. தனியார் உடன்படிக்கையில் எது மேலோங்கும் என்பதைத் தரப்பினரே எழுதிவைக்க வேண்டும். எழுதாவிடில், அவர்கள் உண்மையில் எதற்கு உடன்பட்டார்கள் என்ற வழக்காகவே அது முடியும்.

அத்தாட்சியில்லாத பிரதியை மேலோங்கச் செய்வது

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுதப்பட்டு, நொத்தாரிசு முன்னிலையில் கையொப்பமிடப்பட வேண்டும். ஆங்கிலப் பிரதியை மட்டும் அவ்வாறு நிறைவேற்றிவிட்டு, கையொப்பமில்லாத தமிழ்த் தாள்களைப் பின்னால் குத்தி, “தமிழே மேலோங்கும்” என்று எழுதினால், குத்தகையின் பொருள் குத்தகையே அல்லாத தாளில் போய் நிற்கிறது. மேலோங்க வேண்டிய பிரதி நொத்தாரிசு வாசித்து விளக்கி அத்தாட்சிப்படுத்திய உறுதியாகவே இருக்க வேண்டும்.

கடைசி நேரத் திருத்தம்

ஒரு பிரதியில் மட்டும் பேனாவை வைக்காதீர்கள்.