இருமலோட படுக்கிற இரவு: தலகாணி அடுக்காம, நித்திரைக் குளிசை போடாம ஒரு வழி

மாரி தொடங்கினா எங்கட வீட்டில ஆருக்காவது தடிமன் வந்திடும், போன மார்கழி ஐயாவுக்கு வந்தது. பகல் முழுக்க வயல் வரம்பில நிண்டிட்டு வருவார், ஒரு இருமலும் இராது, ராவு ஒம்பது மணிக்குப் பாயில சரிஞ்ச உடன தொடங்கும் பாருங்கோ, விடிய விடிய கொக்கு கொக்கெண்டு இருமல். மூண்டாம் நாள் அம்மா சந்திக் கடையில போய் "தடிமன் குளிசை" எண்டு கேட்டு, பேப்பர் என்வலப்பில சுத்தின சின்ன மஞ்சள் குளிசை நாலு வாங்கிக்கொண்டு வந்தா. நாங்கள் எல்லாரும் பிரிட்டன் எண்டு சொல்லுறம், உள்ளுக்க இருக்கிற மருந்து குளோர்பெனிரமின்.

ஒண்டைப் போட்டிட்டு ஐயா நல்லா நித்திரை கொண்டார்தான். ஆனா ரெண்டு மணிபோல சலம் போக எழும்பி, வாசல் படியில கால் தடுமாறி விழப்பாத்தார், வெளியில போய் நிண்டும் சலம் போகேல்ல, முக்கி முக்கி நிண்டிருக்கிறார். விடிஞ்சு பத்து மணிக்கும் ஆள் வெறியில இருக்கிறமாதிரி, கேட்ட கேள்விக்கு வேற பதில். அவருக்கு ஏற்கனவே புரோஸ்டேட் வீக்கம் இருக்கு, அது கடைக்காரருக்குத் தெரியாது, அம்மாவும் சொல்லேல்ல. எங்களுக்கும் அந்தக் குளிசைக்கும் சலத்துக்கும் தொடர்பிருக்கெண்டு அப்ப தெரியாது.

அந்தக் குளிசை தடிமனை மாத்தாது, உங்களை மயக்கும், அவ்வளவுதான். கூடவே வாய், மூக்கு எல்லாத்தையும் காயவைக்கும், சளி காய்ஞ்சு பசைமாதிரிப் போனா அதை இருமி வெளியில எடுக்கிறது இன்னும் கஷ்டம். சலப்பையும் சரியாச் சுருங்காது, அதாலதான் புரோஸ்டேட் வீக்கம் உள்ள ஆம்பிளையளுக்கு அடைக்கிறது. கண்ணில பிரஷர் உள்ளவையும் கவனம். மயக்கம் ஒரு ராவோட போகாது, அடுத்தநாள் மத்தியானம் மட்டும் இழுக்கும், அதோட மோட்டச்சைக்கிளோ ட்ரக்டரோ ஓடப் போனா என்ன நடக்குமெண்டு நான் சொல்லத் தேவையில்ல. சாராயத்தோட சேர்ந்தா இன்னும் மோசம். சின்னப்பிள்ளையளுக்கு, அதுவும் ஆறு வயசுக்குக் கீழ, கடையில வாங்கி இதைக் குடுக்கவே வேண்டாம். இருமல் பாணியளுக்குள்ளயும் இதேமாதிரி மயக்கிற சாமான் இருக்கும், போத்தலைத் திருப்பி டைபென்ஹைட்ரமின், புரோமெதசின் எண்டு கிடக்குதோ பாருங்கோ. என்வலப்பில சுத்தித் தந்தா "இதின்ர பேரென்ன" எண்டு கேட்டு அதிலயே எழுதுவியுங்கோ.

சரி, குளிசை இல்லாம எப்பிடிப் படுக்கிறது?

முதல், படுத்த உடன ஏன் கூடுது எண்டு விளங்கவேணும். நிக்கேக்க மூக்குச்சளி முன்னால வழியும், இல்லாட்டி தெரியாமலே விழுங்கிடுவம். மட்டமாப் படுத்தா அது பின்பக்கத்தால தொண்டையில வந்து தேங்கி நிண்டு சொறியும், அதோட படுக்கேக்க மூக்குக்குள்ள இருக்கிற ரத்தக்குழாயளும் வீங்கி மூக்கை அடைக்கும். அப்ப வாயால மூச்சு விடுறம், தொண்டை காயுது, திருப்பி இருமல்.

1. தலையை இல்ல, முதுகை உயத்துங்கோ

எல்லாரும் விடுற பிழை இதுதான், மூண்டு தலகாணியைத் தலைக்குக் கீழ அடுக்கிறது. அப்பிடிச் செய்தா கழுத்து மடிஞ்சு நாடி நெஞ்சில முட்டும், மூச்சுப்பாதை நெரிபடும், விடியக் கழுத்துப் பிடிப்பு வேற. இடுப்பிலயிருந்து தலைமட்டும் ஒரே சரிவா வரவேணும். இடுப்பிலயிருந்து தலைக்கு ரெண்டடி நீளம் எண்டா தலைப்பக்கம் ஒரு அடி உயரம், அந்தளவு காணும்.

கட்டில் உள்ளவை தலைப்பக்கக் காலுகளுக்குக் கீழ கல்லு வைச்சு ஒரு சாண் உயத்தலாம், ஆடாம இருக்கோ எண்டு பாத்திட்டுப் படுங்கோ. எங்கட ஐயா பாயை விட்டு எழும்பமாட்டார், அதால நான் கதிரையைத்தான் கவிட்டன். கை இல்லாத மரக்கதிரை ஒண்டை எடுத்து முன்பக்கமாக் குப்புறக் கவிழுங்கோ, சாயிற பக்கத்தின்ர மேல்நுனியும் இருக்கிற பலகையின்ர முன்விளிம்பும் நிலத்தில முட்டும், காலுகள் மேல நிக்கும், அப்ப முதுகுச் சட்டம் உங்களுக்கு ஒரு சரிவு மாதிரி வரும். சுவரோட ஒட்டி வையுங்கோ, இல்லாட்டி ராவில வழுக்கிப்போகும். வெறுஞ்சட்டத்தில படுக்கேலாது, போர்வை ரெண்டை மடிச்சு முழு நீளத்துக்கும் விரிச்சு, சரிவு செங்குத்தா இருந்தா கீழ்ப்பக்கம் ஒரு தலகாணியைப் போட்டு மட்டப்படுத்தி, கழுத்துக்கு மெல்லிசா ஒண்டு வையுங்கோ. பழைய பிளாஸ்ரிக் கதிரை வேண்டாம், வெடிச்சா முதுகுதான் போகும்.

முழங்காலுக்குக் கீழ ரெண்டு சாரத்தைச் சுருட்டி வைக்க மறக்காதேங்கோ. அது இல்லாட்டி ஆள் மெல்ல மெல்ல கீழ வழுக்கி, ரெண்டு மணிக்குப் பாத்தா திருப்பி மட்டமாக் கிடப்பார், எங்களுக்கு முதல்நாள் அப்பிடித்தான் நடந்தது. சரியா வைச்சிருக்கோ எண்டு பாக்க வழி: படுத்தபடி நேர பாத்தா எதிர்ச்சுவரின்ர மேல்பாதி தெரியவேணும், நாடிக்கும் நெஞ்சுக்கும் நடுவில மூண்டு விரல் போகவேணும். வீட்டில சாய்மனைக் கதிரை இருந்தா அதுவும் நல்லது, ஆனா கழுத்து ஒருபக்கம் தொங்காம துவாயைச் சுருட்டி முட்டுக் குடுங்கோ.

ஒரு மூக்கு மட்டும் அடைச்சா அடைச்ச பக்கம் மேல வாறமாதிரிச் சரிஞ்சு படுங்கோ, கொஞ்ச நேரத்தில திறக்கும்.

2. படுக்க முன்னம் அரை மணித்தியாலம்

கொதிச்சு ஆறின தண்ணி ஒரு கப், அதில அரைத் தேக்கரண்டி உப்பு, கரைச்சு ரெண்டு மூக்கிலயும் சில துளி விட்டுச் சிந்துங்கோ. கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைக்காம மூக்குக்குள்ள விடாதேங்கோ. பிறகு ஒரு தேக்கரண்டி தேன், எங்கட பக்கம் காட்டுத்தேன் கிடைக்கிறதே ஒரு கொடுப்பினை, தொண்டையில பூசினமாதிரி மெல்ல விழுங்குங்கோ. ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் வேண்டாம். கொத்தமல்லி குடிக்கிறதெண்டா குடியுங்கோ, ஆனா ஐயாவுக்கு நான் ஏழு மணியோட நிப்பாட்டினன், பத்து மணிக்குக் குடிச்சா ரெண்டு மணிக்கு எழும்பவேணும்.

நுளம்புத்திரி கொளுத்தாதேங்கோ, அந்தப் புகையே இருமலைக் கிளப்பும், வலையைக் கட்டுங்கோ. உடம்பு நோவுக்கு பனடோல் 500 மில்லிகிராம் ரெண்டு, ஆறு மணித்தியால இடைவெளி, 24 மணித்தியாலத்தில எட்டுக்கு மேல இல்ல, மெலிஞ்ச வயசாளியளுக்கு இன்னும் குறைவு, டொக்டரைக் கேளுங்கோ. தடிமன் குளிசையள் சிலதுக்குள்ளயும் பரசிற்றமோல் இருக்கும், ரெண்டையும் சேர்த்துப் போட்டா கணக்கு இரட்டிச்சிடும்.

3. நடுராவில இருமல் எழுப்பினா

படுத்தபடி அடக்கப் பாக்காதேங்கோ. எழும்பி நேராக் குந்தி ரெண்டு மூண்டுதரம் இருமிச் சளியைத் துப்பி, பிளாஸ்கில இருந்து இளஞ்சூட்டில ரெண்டு வாய் குடிச்சிட்டுச் சரியுங்கோ. ஐயா கதிரைச் சரிவில படுத்த முதல் ராவு மூண்டுதரம் எழும்பினார், நாலாம் ராவு ஒருதரம். முழு நித்திரை எண்டு சொல்லேலாது, ஆனா விடிய ஆள் தெளிவா இருந்தார், சலமும் பழையபடி போச்சுது.

இருந்தும் மூச்சு வாங்கினா, பேச ஏலாம இளைச்சா, சொண்டு நீலம் பாரிச்சா கதிரையும் தேனும் வேண்டாம், 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. குளிசை போட்ட ஆளுக்குச் சலம் அறவே போகாம அடிவயிறு வீங்கினாலும் அதேதான். இருமல் ரெண்டு கிழமைக்கு மேல இழுத்தா ஆஸ்பத்திரியில சளிச் சோதனை செய்யுங்கோ, காசமோ எண்டு பாக்கவேணும். தடிமன் மாறி மாசமாகியும் சாஞ்சு படுத்தாத்தான் மூச்சு வருது, காலும் வீங்குது எண்டா அது சளி இல்ல, இருதயத்தைப் பாக்கச்சொல்லிக் கேளுங்கோ.